"மறந்துட்டேன்"னு எழுதின கூட்டாளி

கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குப் போற அவசரத்துல இருந்தா அப்புறமா படிங்க.

அன்னதானத்துக்குக் காய் வெட்ட உக்காந்தா எங்க தொண்டர் குழுவுல ஏதாவது ஒரு விவாதம் ஓடும். போன தடவை ஓடினது ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பத்தி. கூட்டாளியோட அறுபதாம் பிறந்தநாளை மறந்துபோன ஒருத்தர், மறுநாள் அவருக்கு அனுப்பின மன்னிப்புச் செய்தி. "இவ்வளவுதானா? நாலு வரி எழுதிட்டா ஆச்சா?"ன்னு எங்கள்ல பாதிப் பேர். மத்தவங்களுக்கு அந்த நாலு வரியே போதும்னு பட்டது. இதை எழுதுற நாங்க இந்த ரெண்டாவது கட்சி. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

செய்தி அனுப்பினவர்கிட்டயும் வாங்கினவர்கிட்டயும் அனுமதி கேட்டுட்டுத்தான் எழுதுறோம். பேர் போடல. யாருன்னு கமெண்ட்ல கேக்காதீங்க, தெரிஞ்சவங்களும் சொல்லாதீங்க.

முதல்ல அந்த நாள் ஏன் பெரிய நாள்னு சொல்லணும். பிறந்தநாள் எல்லாருக்கும் வருஷா வருஷம் வருது, ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டை மறந்தா யாரும் பெருசா எடுத்துக்கப் போறதில்ல. ஆனா அறுபது வேற. தமிழ் வருஷங்களுக்கு அறுபது பேர் இருக்கு, ஒரு சுத்து முடிஞ்சாத்தான் பிறந்த வருஷத்தோட பேர் திரும்ப வரும். 1965 ஏப்ரல் நடுவுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள பிறந்தவங்க விசுவாவசு வருஷத்துல பிறந்தவங்க. அந்த விசுவாவசு மறுபடி வந்தது 2025 ஏப்ரல்லதான். அதே வருஷம், அதே மாசம், அதே நட்சத்திரம் கூடி வர்ற நாளைத்தான் அறுபதாம் கல்யாணம்னு கொண்டாடுறோம். புருஷன் பெண்சாதி ரெண்டு பேரும் சேர்ந்து உக்காருவாங்க, கலசத் தண்ணி ஊத்துவாங்க, மறுபடி தாலி கட்டுவாங்க, பிள்ளைங்க கால்ல விழுவாங்க. நம்ம ஆலயத்துலயே எத்தனையோ பார்த்திருக்கீங்க.

எங்க அண்ணனுக்கு அது நடக்கல. அண்ணி தவறி ஒன்றரை வருஷம் ஆகுது. பெண்சாதி இல்லாம மணிவிழா எங்க உக்காரது? மகன் ஜொகூர் பக்கம் வேலை, மகள் ஆஸ்திரேலியாவுல. அண்ணன் யாரையும் தொந்தரவு பண்ண விரும்பல. ஆவணி உத்திரட்டாதி செவ்வாய்க்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு அர்ச்சனை, அன்னிக்கு மதியம் அன்னதானம் அவர் உபயம், அவ்வளவுதான். இதுக்கு அவர் வாயைத் திறந்து கூப்பிட்டது ஒரே ஒரு ஆளை. ஒரே தோட்டத்துல பக்கத்துப் பக்கத்து லயத்துல வளர்ந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில படிச்ச கூட்டாளி. மூணு வாரத்துக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டார். கூட்டாளியும் "வராம எங்க போவேன்"னு சொன்னாராம்.

செவ்வாய்க்கிழமை கூட்டாளி வரல. குருக்கள் பேரு, ராசி, நட்சத்திரம் கேட்டு அர்ச்சனையை ஆரம்பிக்கும்போது அண்ணன் ரெண்டு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததை நாங்க பார்த்தோம். யாரும் ஒன்னும் கேக்கல. அவரும் சொல்லல. போன் பண்ணிக் கேட்டாரான்னா, அதுவும் இல்ல. பிறந்தநாளை ஞாபகப்படுத்தி வரவழைக்கிறது ஒரு மாதிரி இருக்கும் இல்லையா?

புதன்கிழமை ராத்திரி வந்த செய்தி இது. அப்படியே போடுறோம்.

"மச்சான், நேத்து உன் அறுபதாம் பிறந்தநாள். நான் மறந்துட்டேன். நீ மூணு வாரத்துக்கு முன்னயே சொன்ன, நானும் வரேன்னு சொன்னேன். நேத்து காலையில பேரனை ஸ்கூல்ல விட்டுட்டு வீட்டுலதான் இருந்தேன், நினைப்பே வரல. தங்கச்சி இல்லாம நீ கோவில்ல நின்ன நாள் அது. நான் பக்கத்துல நின்னிருக்கணும், நிக்கல. மன்னிச்சிடு. சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வீட்டுக்கு வரேன், பசியாறப் போவோம். அன்னிக்குச் சரிப்படலைன்னா வேற நாள் சொல்லு. இதுக்கு இப்பவே பதில் போடணும்னு இல்ல."

அவ்வளவுதான். ஸ்டிக்கர் இல்ல, கும்பிடுற கை இல்ல, அழுற மூஞ்சி இல்ல.

எங்களுக்கு முதல்ல பிடிச்சது "நான் மறந்துட்டேன்". சின்ன விஷயமாத் தெரியும். ஆனா நம்ம ஆளுங்க வழக்கமா எப்படி எழுதுறாங்கன்னு பாருங்க. "மறந்துபோச்சு", "ஞாபகம் இல்லாம போச்சு", "டேட் மிஸ் ஆயிடுச்சு". தமிழ்ல இது ஒரு வசதி. "மறந்துபோச்சு"ன்னு சொன்னா அதுல ஆளே கிடையாது. மழை வந்துச்சு, கரண்டு போச்சுங்கிற மாதிரி அதுவும் தானா நடந்துடும். நாங்க ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம், இந்தப் பேச்சைத் தினமும் கேக்கிறோம். ஷிஃப்ட் மாறும்போது நோட்டுல "மெஷின் நின்னுபோச்சு"ன்னு எழுதி வச்சிருப்பாங்க. எண்ணெய் பார்க்காம விட்டது யாருன்னு அந்த வரியில தேடினாலும் கிடைக்காது. "நான் எண்ணெய் பார்க்கல"ன்னு எழுதுற பையன்மேல எங்களுக்குக் கோபம் அஞ்சு நிமிஷம்கூட நிக்காது, அதுக்கப்புறம் அவன் வார்த்தையை நம்பலாம்னு தெரிஞ்சுபோகும்.

கூட்டாளி "நான்"னு போட்டு எழுதினார். அதோட விட்டிருந்தாலும் நல்ல செய்திதான். ஆனா அடுத்து செஞ்சதுதான் எங்களுக்கு இன்னும் பெருசாப் பட்டது. கையில தயாரா இருந்த ஒரு சாக்கை அவர் எடுக்கல.

விஷயம் இதுதான். அண்ணனோட ஐசியில இருக்கிற பிறந்த தேதி அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. நட்சத்திரப் பிறந்தநாள் செவ்வாய், இங்கிலீஷ் தேதி வெள்ளி. வருஷா வருஷம் ரெண்டும் இப்படி முன்னப்பின்ன வரும், இது நம்ம எல்லார் வீட்டுலயும் உள்ள கதை. அதுலயும் அந்தக் காலத்துல தோட்டத்துல பிறந்தவங்கள்ல பல பேருக்கு ஐசி தேதியே சரியா இருக்காது. பிள்ளை பிறந்து எத்தனையோ நாள் கழிச்சு போய்ப் பதிஞ்சிருப்பாங்க, அன்னிக்கு அப்பா வாயில வந்ததுதான் தேதி. ஆக, புதன்கிழமை ராத்திரி கூட்டாளிக்கு வழி இருந்தது. "நான் வெள்ளிக்கிழமைன்னு நினைச்சுட்டேன் மச்சான்"னு ஒரு வரி போட்டா முடிஞ்சது, யாரும் குறை சொல்ல முடியாது. அதுகூட வேண்டாம். ரெண்டு நாள் சும்மா இருந்துட்டு வெள்ளிக்கிழமை காலையில ஒரு கேக் படத்தோட வாழ்த்து அனுப்பியிருக்கலாம். முகநூல் ஞாபகப்படுத்தி நூறு பேர் வாழ்த்துற நாள், அந்தக் கூட்டத்துல இவர் வாழ்த்தும் போயிருக்கும். செவ்வாய்க்கிழமையைப் பத்தி அண்ணன் வாயைத் திறந்து கேட்டிருக்கமாட்டார். அவர் சுபாவம் அப்படி.

ஆனா மனசுல இருந்திருக்கும். மூணு வாரத்துக்கு முன்னாடி கிழமை, மணி எல்லாம் சொல்லித்தானே கூப்பிட்டார்.

இதனாலதான் "வீட்டுலதான் இருந்தேன், நினைப்பே வரல"ங்கிற வரியை நாங்க பெருசா நினைக்கிறோம். எங்க குழுவுல ஒரு தங்கச்சி கேட்டுச்சு, "அதை எதுக்கு எழுதணும்? படிக்கிறவருக்கு இன்னும் வலிக்காதா?"ன்னு. நல்ல கேள்வி. வலிக்கும்தான். ஆனா வேலையா இருந்தேன், உடம்பு சரியில்லன்னு எழுதினா, கேக்கிறவர் மனசு அதை எடை போட ஆரம்பிக்கும். நிசமா இருக்குமா? அப்படி என்ன வேலை? ரிட்டயர் ஆன ஆளுக்கு என்ன ஓவர்டைம்? இந்தச் செய்தியில எடை போட ஒன்னும் இல்ல. அவர் வரல, காரணமும் இல்ல, மறந்துட்டார். படிச்சு முடிச்சதும் அண்ணனுக்குத் தோண்டிப் பார்க்க எதுவும் மிச்சமில்ல. நிசமாவே ஆஸ்பத்திரியில படுத்திருந்தா அதைச் சொல்லலாம், சொல்லணும். இல்லாத காரணத்தைத் தேடிப் பிடிச்சு வைக்கிறதைத்தான் சொல்றோம்.

அப்புறம் அந்தத் "தங்கச்சி இல்லாம" வரி. சில பேர் மன்னிப்பு கேக்கும்போது தான் செஞ்ச தப்போட பேரை மட்டும் சொல்வாங்க. பிறந்தநாளை மறந்தேன், சாரி. ஆனா அண்ணனுக்கு நோவு கேக்கு வெட்டாததுலயா? அந்த இடத்துல பக்கத்துல நிக்க வேண்டிய ஒருத்தி இல்ல, அந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்ப ஒரு ஆளைக் கூப்பிட்டார், அந்த ஆளும் வரல. கூட்டாளி அதைப் புரிஞ்சுகிட்டார்னு அண்ணனுக்குத் தெரியணும். ஒரே வரியில தெரிய வச்சுட்டு அதோட நிறுத்திட்டார். இதையே நாலு வரி இழுத்து, அண்ணியைப் பத்தி உருக்கமா எழுதியிருந்தா, ராத்திரி நேரத்துல தனியா உக்காந்து படிக்கிற மனுஷனை அழ வச்ச பாவம்தான் சேரும்.

நாடகம் போடுறதைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா எங்க குழுவுல "காலைப் பிடிக்கிற மாதிரி எழுதியிருக்கணும்"னு சொன்னவங்க கேட்டது அதைத்தான். அப்படிப்பட்ட செய்தி எங்களுக்கும் வந்திருக்கு, உங்களுக்கும் வந்திருக்கும். "நானெல்லாம் ஒரு கூட்டாளியா? என்னைச் செருப்பால அடி. என் மூஞ்சியிலயே முழிக்காதே. இன்னிக்கு முழுக்க சோறு இறங்கல." படிக்கிறப்போ பாசமாத்தான் இருக்கும். ஆனா பதில் என்ன போடுவீங்க? "ஐயோ அப்படியெல்லாம் சொல்லாதே, பரவால்ல, முதல்ல சாப்பிடு." பாருங்க, பிறந்தநாள் மறக்கப்பட்டவர்தான் இப்போ மறந்தவரைத் தேத்திக்கிட்டு இருக்கார். அவர் வருத்தத்தைச் சொல்ல இடமே இல்லாம போச்சு. செருப்பால அடின்னு சொல்றவனை நீங்க அடிக்கவா போறீங்க?

அதே மாதிரி இன்னொரு வார்த்தை, "மனசு கஷ்டமா இருந்தா மன்னிச்சிடு". மரியாதையாத்தான் இருக்கு. ஆனா அந்த "இருந்தா"வுல ஒரு சந்தேகம் ஒட்டிக்கிட்டு இருக்கு. கஷ்டமா இல்லைன்னா மன்னிப்பு வேண்டாமா? "தப்பா எடுத்துக்காதே"யும் அதே வகைதான், அதுல வேலை முழுக்க எதிராளிக்கு. நீ தப்பா எடுத்துக்கக் கூடாது, அவ்வளவுதான், நான் செஞ்சதைப் பத்திப் பேச்சே இல்ல. இதெல்லாம் கெட்ட எண்ணத்துல எழுதுறது கிடையாது, வாய்ப்பழக்கம். எழுதி முடிச்சதும் ஒரு தடவை திரும்பப் படிச்சா கண்ணுல படும்.

"சாரி"யா, "மன்னிச்சிடு"வான்னும் ஒரு சண்டை நடந்துச்சு. எங்களுக்கு அதுல பெரிய அபிப்பிராயம் இல்ல. ரெண்டு பேரும் வழக்கமா எப்படிப் பேசிக்குவாங்களோ அப்படியே இருக்கட்டும். அறுபது வருஷமா மச்சான், வாடா போடான்னு பேசினவர் திடீர்னு "மன்னிக்கவும்"னு எழுதினா, லிஃப்ட் ரிப்பேர்னு ஒட்டின நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும்.

போன் பண்ணியிருக்கலாமேங்கிறது அடுத்த வாதம். நேர்ல போயிருக்கலாமேன்னும் கேட்டாங்க. மரியாதைப்படி பார்த்தா நேர்ல போறதுதான் பெருசு, ஒத்துக்கிறோம். ஆனா போன் அடிச்சா எதிர்ல இருக்கிறவர் அந்த நிமிஷமே ஏதாவது சொல்லியாகணும். நம்ம பழக்கத்துல வாயில வர்றது ஒரே வார்த்தைதான், "பரவால்ல". அது மனசுல இருந்து வருதா, போனை வைக்கிறதுக்காக வருதான்னு சொன்னவருக்கே தெரியாது. வாசல்ல போய் நின்னாலும் அதே கதை, உள்ள கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாகணும். செய்தின்னா அவர் பாட்டுக்குப் படிப்பார், கோபப்படுவார், போனைக் கவுத்து வச்சுட்டுத் தூங்குவார். "இப்பவே பதில் போடணும்னு இல்ல"ன்னு எழுதினது அதுக்குத்தான். அனுப்பின பிறகு நீல டிக் வந்துடுச்சு, இன்னும் பதிலைக் காணோமேன்னு கேள்விக்குறி போட்டு ரெண்டாவது செய்தி அனுப்பினா, முதல் செய்தியில கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிடும். கூட்டாளி அனுப்பல.

பெரிய குரூப்புல போடாததும் நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் இருக்கிற பழைய மாணவர் குரூப் ஒன்னு இருக்கு, எண்பது பேருக்கு மேல. அதுல மன்னிப்பு கேட்டிருந்தா எண்பது பேரும் வரிசையா வாழ்த்து போட, அண்ணன் உக்காந்து ஒவ்வொருத்தருக்கா நன்றி சொல்லிக்கிட்டு இருந்திருப்பார்.

வாழ்த்து ஒரு வரிகூட இல்லையேன்னு கேட்டாங்க. எங்களுக்கும் முதல் தடவை படிக்கிறப்போ அது ஒரு குறையாத்தான் பட்டுச்சு. கடைசியில "லேட்டானாலும் வாழ்த்துகள்"னு ஒன்னு சேர்த்திருக்கலாமோன்னு நினைச்சோம். சேர்த்து வாசிச்சுப் பார்த்தோம், நல்லா இல்ல. "நிக்கல. மன்னிச்சிடு"ன்னு எழுதின கையோட "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்"னு வந்தா மேல சொன்னதெல்லாம் லேசாயிடுது. வாழ்த்தை அவர் சனிக்கிழமைக்கு வச்சுக்கிட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்களைப் பொறுத்தவரை செய்தியில மிச்சமிருக்கிற பாதி. "ஒரு நாள் வந்து பார்க்கிறேன்", "கண்டிப்பா ட்ரீட் வைக்கிறேன்"னு எழுதாதவங்க யாரு? அந்த ஒரு நாள் எந்தக் காலண்டர்லயும் வராது. இவர் கிழமை சொன்னார், மணி சொன்னார், எங்க போறதுன்னு சொன்னார். பெருசா ஒன்னும் இல்ல, பசியாறத்தான். தங்க மோதிரம், ஹோட்டல் விருந்துன்னு இறங்கியிருந்தா அண்ணன் கூச்சப்பட்டிருப்பார், கடனை அடைச்சுக் கணக்கு முடிக்கிற மாதிரியும் ஆயிருக்கும். சரிப்படலைன்னா வேற நாள்னு ஒரு கதவையும் திறந்து வச்சார்.

இதுக்கும் எல்லை உண்டு. முதல் தடவை மறந்தவருக்குத்தான் இந்தச் செய்தி. வருஷா வருஷம் மறந்து வருஷா வருஷம் இதே நாலு வரி அனுப்பினா மூணாவது வருஷம் யாரும் படிக்கமாட்டாங்க. இன்னொன்னு, வயசான கூட்டாளி ஒருத்தர் பிறந்தநாள் மட்டும் இல்லாம பழகின ரோடு, அடுப்பு, பேரப்பிள்ளைங்க பேருன்னு அடிக்கடி மறக்கிறார்னா, அவர்கிட்ட மன்னிப்பை எதிர்பார்க்காதீங்க. வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

பெரியவங்களுக்கு எழுதணும்னா எப்படின்னு ஒரு தம்பி கேட்டான். அவன் மறந்தது, சின்ன வயசுல அவனைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு அக்காவோட எழுபதாம் பிறந்தநாளை. அவன் எழுதி எடுத்துட்டு வந்ததுல ஒன்பது வரி வேலை கஷ்டம், ஒரு வரி மன்னிப்பு. எல்லாரும் சேர்ந்து திருத்தினதுல இப்படி வந்துச்சு. "அக்கா, ஞாயித்துக்கிழமை உங்க எழுபதாவது பிறந்தநாள். நான் மறந்துட்டேன்க்கா. என் பிறந்தநாளுக்கு நீங்க ஒரு வருஷம்கூட மறந்ததில்ல, பால்கோவா செஞ்சு கொடுத்துவிடுவீங்க. மன்னிச்சிடுங்க. புதன்கிழமை வேலை முடிஞ்சு ஆறரை மணிக்கு உங்களைப் பார்க்க வரேன்." நீங்க, மன்னிச்சிடுங்கன்னு மரியாதை மாறிச்சே தவிர மத்தது அப்படியேதான். பால்கோவா வரி அவனாவே சேர்த்தது. வேலை கஷ்டம் ஒன்பது வரியையும் எடுக்கச் சொன்னதுக்குக் கொஞ்சம் முகம் வாடினான், அப்புறம் எடுத்துட்டான்.

எங்க அண்ணன் விஷயத்துக்கு வருவோம். புதன் ராத்திரி படிச்சார், பதில் போடல. வியாழனும் போடல. வெள்ளிக்கிழமை முகநூல் வாழ்த்து குவிஞ்சது, அதுக்கெல்லாம் நன்றி போட்டார். கூட்டாளிகிட்ட இருந்து அன்னிக்கு ஒன்னும் வரல, இவரும் அனுப்பல. ராத்திரி பத்து மணிக்குத்தான் பதில் போட்டார், "ஏழு மணி லேட்டு. ஆறரைக்கு வா, கடையில கூட்டமா இருக்கும்."

ஆறு இருபதுக்கே வந்து கேட் முன்னாடி நின்னாராம். ரொட்டி சானாய் கடையில ஒன்றரை மணி நேரம் உக்காந்திருக்காங்க. என்ன பேசினீங்கன்னு கேட்டோம். பிறந்தநாளைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசலையாம். தோட்டத்துல இருந்த பழைய வாத்தியார் ஒருத்தர் உயிரோட இருக்காரா இல்லையான்னுதான் பாதி நேரம் சண்டையாம். பில்லைக் கூட்டாளிதான் கட்டினார்.